வலைப்பதிவுக்குத் தலைப்பு வைக்கும் முன் கீவேர்ட் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு தக்காளிப் பதிவை வைத்து முழு வழிகாட்டி

புதிதாக வலைப்பதிவு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைப்பைத்தான் முதலில் எழுதுகிறார்கள். மாடித்தோட்டம் பற்றிய பதிவென்றால் "மொட்டை மாடியில் ஒரு சிவப்புப் புரட்சி" என்று வைத்துவிடுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தக்காளி வளர்க்க நினைக்கும் ஒருவர் அந்தச் சொற்களைக் கூகுளில் தட்டவே மாட்டார். தலைப்பு வைத்து, பதிவும் எழுதி முடித்த பிறகு, கீவேர்ட், அதாவது மக்கள் தேடலில் தட்டும் சொற்றொடர், எது என்று தேட உட்கார்ந்தால், கிடைக்கிற சொல்லை ஏற்கெனவே எழுதிய பதிவுக்குள் திணிக்க வேண்டிவரும். வாசகர் கேட்பது ஒன்று, பதிவு சொல்வது வேறொன்று என்று ஆகிவிடும்.

அதனால் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் பதிவு பதில் சொல்லப்போகும் கேள்வி. பிறகு அந்தக் கேள்வியை மக்கள் எந்தெந்தச் சொற்களில் கேட்கிறார்கள் என்ற பட்டியல். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு முதன்மை கீவேர்ட், கூடவே சில துணைச் சொற்றொடர்கள். தலைப்பு கடைசியில்தான். ஒரு பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் இவ்வளவையும் செய்துவிடலாம். பணம் கட்டி வாங்கும் டூல் எதுவும் தேவையில்லை.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பதிவை எடுத்துக்கொள்வோம். மாடித்தோட்டம் பற்றிய புது வலைப்பதிவு. இதுவரை ஐந்தாறு பதிவுகள்தான் வந்திருக்கின்றன. அடுத்து எழுதப்போவது குரோ பேக்கில் தக்காளி வளர்ப்பது பற்றி.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"தக்காளி" என்பது கீவேர்ட் ஆகாது. அதைத் தேடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாது. ஒருவருக்கு இன்றைய கோயம்பேடு விலை வேண்டும், இன்னொருவருக்குத் தக்காளி தொக்கு வேண்டும், மற்றொருவருக்கு முகத்தில் தடவினால் நல்லதா என்று தெரிய வேண்டும். இவர்களில் யாருக்கும் உங்கள் பதிவு பயன்படாது.

எனவே ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: "மாடியில் பையில் தக்காளிச் செடி வைக்க நினைக்கிறேன்; விதை போடுவதிலிருந்து முதல் காய் பறிக்கும் வரை என்ன செய்ய வேண்டும்?" இதில் மூன்று விஷயங்கள் தீர்மானமாகிவிடுகின்றன. கேட்பவர் இன்னும் செடி வைக்கவில்லை. இடம் மாடி, வயல் அல்ல. பதிவு விதையில் தொடங்கி முதல் அறுவடையில் முடிகிறது. ஒரு சொற்றொடர் இந்தப் பதிவுக்குப் பொருந்துமா என்று பின்னால் சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இதை எழுதாமல் அடுத்த வேலைக்குப் போனால், எந்தச் சொல்லைப் பார்த்தாலும் நம் பதிவுக்குப் பொருந்துவதுபோலவே தோன்றும்.

மக்கள் தட்டும் சொற்களைச் சேகரிப்பது

பிரவுசரில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். வழக்கமான சாளரத்தில் நீங்கள் முன்பு தேடியவை பரிந்துரைகளில் கலந்துவிடும். இன்காக்னிட்டோவிலும் நீங்கள் இருக்கும் ஊரைக் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க முடியாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு வாசகருக்காக எழுதுகிறவர்கள் முகவரியிலேயே நாட்டையும் மொழியையும் குறிப்பிட்டுத் தேடலாம்:

```
https://www.google.com/search?q=தக்காளி+செடி&hl=ta&gl=in
```

இப்போது தேடல் பெட்டியில் "தக்காளி செடி" என்று தட்டி, என்டர் அழுத்தாமல் ஓர் இடைவெளி விடுங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை. பொருந்துவதை எழுதிக்கொண்டு, அடுத்து ஓர் எழுத்தைச் சேருங்கள்: "தக்காளி செடி வ", "தக்காளி செடி ப", "தக்காளி செடி எ", "தக்காளி செடி உ". வ போட்டால் வளர்ப்பு, வளர்ப்பது. ப போட்டால் பூ, பூச்சி, பராமரிப்பு. எ போட்டால் எப்படி என்று ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு திசையைத் திறக்கும். எல்லா உயிர்மெய்யையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஏழெட்டு எழுத்திலேயே பரிந்துரைகள் திரும்ப வரத் தொடங்கும். பிறகு என்டர் அழுத்தி, முடிவுப் பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும், நடுவில் கேள்வி வடிவில் ஒரு பெட்டி வந்தால் அதில் உள்ளவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே வேலையை ஆங்கில எழுத்தில் தட்டியும் செய்ய வேண்டும். தமிழ் விசைப்பலகை இல்லாதவர்களும், இருந்தும் சோம்பல்படுகிறவர்களும் `thakkali chedi valarpu`, `maadi thottam` என்றுதான் தேடுகிறார்கள். அதுவும் `maadi`, `madi`, `valarpu`, `valarppu` என்று ஆளுக்கு ஒரு விதம்.

மூன்றாவதாக யூடியூப் தேடல் பெட்டி. செடி வளர்ப்பு மாதிரியான கைவேலைக்கு மக்கள் காணொளியைத்தான் அதிகம் நாடுகிறார்கள்; அதனால் அங்கு வரும் பரிந்துரைகள் பேச்சுவழக்கோடு நெருக்கமாக இருக்கும். அப்படியே தக்காளி வளர்ப்புக் காணொளிகள் சிலவற்றின் கீழே உள்ள பின்னூட்டங்களைப் படியுங்கள். வேளாண் புத்தகம் "பூ உதிர்தல்" என்று சொல்வதை அங்கே "பூ எல்லாம் கொட்டுது" என்று கேட்பார்கள். "இலைச்சுருட்டு நோய்" என்பது "இலை சுருண்டு போகுது" என்று வரும். தேடல் பெட்டியில் விழுவதும் ஏறக்குறைய இதே மொழிதான். புத்தகச் சொல், பேச்சுச் சொல் இரண்டையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பது சொற்றொடர் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் சேர்ப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பவற்றின் வேறு வடிவங்களாகவே இருக்கும்.

தமிழில் மட்டும் வரும் ஒரு சிக்கல்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கீவேர்ட் பாடங்கள் இதைச் சொல்லித்தருவதில்லை. தமிழில் எழுதுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். மாடித்தோட்டம், மாடித் தோட்டம், மாடி தோட்டம், மாடித்தோட்டத்தில் ஆகிய நான்கையும் நாம் ஒரே சொல்லாகப் பார்க்கிறோம். டூல்களுக்கு அவை நான்கு தனித்தனி வரிகள். வேற்றுமை உருபு சேர்ந்தாலும், ஒற்று விட்டாலும், இடைவெளி மாறினாலும் எண்ணிக்கை பிரிந்துபோகும். எனவே ஒரு வடிவத்துக்குத் தேடல் எண்ணிக்கை காட்டவில்லை என்றால், யாரும் தேடவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. மற்ற வடிவங்களையும் போட்டுப் பார்த்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.

தட்டுகிறவர்களில் பலர் ஒற்று போடுவதில்லை. அதற்காகத் தலைப்பில் பிழையாக எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. "மாடி தோட்டம்" என்றும் "மாடித் தோட்டம்" என்றும் தனித்தனியாகத் தேடி, முதல் பத்து முடிவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் பெரும்பாலும் அதே பக்கங்கள் வந்தால் கூகுள் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது என்று பொருள்; சரியான தமிழில் எழுதிவிட்டுப் போகலாம். முடிவுகள் நிறைய மாறினால், இலக்கணம் அனுமதிக்கும் வடிவங்களில் தட்டுகிறவருக்கு நெருக்கமானதை எடுங்கள். "மாடித்தோட்டம்" என்று சேர்த்து எழுதுவதைவிட "மாடித் தோட்டம்" என்று பிரித்து எழுதுவது அந்த வகையில் உதவும். சேர்ந்த வடிவம் பதிவின் உடலில் எங்காவது தானாகவே வந்துவிடும்.

பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "கொ" என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டு இடங்களிலிருந்து நகலெடுத்த "பூ கொட்டுது" ஷீட்டில் இரண்டு வெவ்வேறு சொற்களாக நின்றுவிடலாம். இரட்டிப்பை நீக்கச் சொன்னாலும் நீங்காது. முப்பது வரிதான் என்பதால் கண்ணால் பார்த்தே நீக்கிவிடுங்கள்.

முடிவுப் பக்கத்தைப் படிப்பது

தேர்வு உண்மையில் நடப்பது இங்கேதான். ஒன்றரை மணி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். பட்டியலில் உங்கள் ஒற்றை வாக்கியத்தோடு பொருந்தும் ஐந்தாறு சொற்றொடர்களை எடுத்து ஒவ்வொன்றையும் தேடுங்கள். முதல் பத்து முடிவுகளைத் திறந்து பார்த்து, எதிரே எழுதிக்கொள்ளுங்கள்: அது கட்டுரையா, காணொளியா, கடையா? யாருக்காக எழுதப்பட்டது? எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது? எது விட்டுப்போயிருக்கிறது?

நம் தக்காளிப் பதிவில் இது எப்படி உதவுகிறது என்று பார்ப்போம். "தக்காளி சாகுபடி" என்ற சொற்றொடர் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். நிறையப் பேர் தேடுவார்கள் என்றும் தோன்றும். ஆனால் சாகுபடி என்று தேடுகிறவர் விவசாயி. அவருக்கு வேண்டியது ஹெக்டேருக்கு எத்தனை கிராம் விதை, அடியுரம் எவ்வளவு, பாத்திக்குப் பாத்தி எத்தனை இடைவெளி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் போன்றவை அதற்கு விரிவாகவே பதில் தருகின்றன. பன்னிரண்டு அங்குலப் பையில் ஒரு செடி வைப்பவருக்கு எழுதிய பதிவு அங்கே போய் நின்றால், திறந்தவர் அடுத்த நொடியே மூடிவிடுவார். சாகுபடி நம் பட்டியலிலிருந்து போகிறது.

"தக்காளி வளர்ப்பு" என்பதில் இருவரும் கலந்திருக்கிறார்கள். முடிவுப் பக்கத்தில் வயலும் வரும், தொட்டியும் வரும். இப்படிக் கலந்து வரும் பக்கம், கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று கூகுளுக்கே உறுதியாகத் தெரியவில்லை என்பதைக் காட்டுகிறது. பழைய, பெரிய தளங்களுக்கு இது தாங்கும். ஐந்தாறு பதிவுகள் உள்ள தளத்துக்குத் தாங்காது.

"மாடித் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எப்படி" என்று தேடுகிறவர் தம் இடத்தையும் தேவையையும் தாமே சொல்லிவிடுகிறார். நம் ஒற்றை வாக்கியமும் இதுவும் ஒன்றுதான். இதில் மேலே நிற்பவை பெரும்பாலும் காணொளிகளாக இருந்தால் பயப்பட வேண்டாம். பையின் அளவு, மண் கலவையின் விகிதம், எந்த நாளில் என்ன உரம் என்பதையெல்லாம் எழுத்தில் ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர் எப்போதும் இருக்கிறார். காணொளியை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுக்க வேண்டிய விவரங்களை எழுதித் தரும் பதிவுக்கு அந்தப் பக்கத்தில் இடம் உண்டு. பத்தும் காணொளியே, ஒரு கட்டுரைகூட இல்லை என்றால் மட்டும் யோசியுங்கள். அந்தத் தேடலுக்கு எழுத்து தேவையில்லை என்று அது காட்டலாம், யாரும் நன்றாக எழுதவில்லை என்றும் காட்டலாம். அதே பொருளுள்ள ஆங்கிலத் தேடலில் கட்டுரைகள் வருகின்றனவா என்று பார்த்தால் எது என்று ஓரளவு புரிந்துவிடும்.

"தக்காளி செடியில் பூ கொட்டுவது ஏன்" என்பதும் பட்டியலில் இருக்கிறது. இதைத் தேடுகிறவரிடம் செடி ஏற்கெனவே இருக்கிறது. விதை எப்படிப் போடுவது என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. வெயில் கூடினால் பூ உதிரும், தழைச்சத்து மிகுந்தாலும் உதிரும், தண்ணீர் ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்தாலும் உதிரும், இதில் தம் செடிக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அவருக்கு வேண்டும். இதைத் தனிப் பதிவாகவே எழுத வேண்டும்.

இரண்டு சொற்றொடர்கள் ஒரு பதிவுக்கா, இரண்டு பதிவுகளுக்கா என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் தேடி, முதல் பத்தில் எத்தனை பக்கங்கள் இரண்டிலும் வருகின்றன என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் பொதுவாக இருந்தால் ஒரே பதிவு போதும். ஒன்றிரண்டுதான் என்றால் இரண்டு பதிவுகள். மூன்று நான்கு என்று நடுவில் நின்றால், இரண்டு கேள்விகளையும் கேட்பவர் ஒரே ஆளாக, ஒரே நிலையில் இருக்க முடியுமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த எண்கள் நடைமுறையில் கையாளும் ஒரு கணக்குதான், கூகுள் அறிவித்த விதி அல்ல.

தலைப்பிலேயே அந்தச் சொற்களை வைத்திருப்பவர்கள் யார் என்று பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
allintitle:மாடித் தோட்டம் தக்காளி
```

இதில் வரும் மொத்த எண்ணிக்கை தோராயமானது; அதை வைத்துப் போட்டியைக் கணக்கிடாதீர்கள். வரும் பக்கங்களைத் திறந்து, எத்தனை பேர் உண்மையிலேயே அந்தக் கேள்விக்கு முழுப் பதில் தந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பயன்.

எண்ணிக்கை டூல்களை எவ்வளவு நம்புவது

கூகுள் ட்ரெண்ட்ஸில் ஒரே சமயத்தில் ஐந்து சொற்கள் வரை ஒப்பிடலாம். அங்கே தெரியும் 0 முதல் 100 வரையிலான எண் எத்தனை பேர் தேடினார்கள் என்பதைக் காட்டாது. தேர்ந்தெடுத்த காலத்தில் தேடல் மிக அதிகமாக இருந்த புள்ளிக்கு 100 கொடுத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. நீளமான தமிழ்ச் சொற்றொடரைப் போட்டால் போதிய தரவு இல்லை என்றே பெரும்பாலும் வரும். அதனால் "தக்காளி செடி", "மாடி தோட்டம்" போன்ற குட்டையான சொற்களைப் போடுங்கள். நாட்டை இந்தியா என்றும், காலத்தை ஐந்து ஆண்டுகள் என்றும் வையுங்கள். இணையத் தேடல் என்று இருப்பதை யூடியூப் தேடல் என்று மாற்றி இன்னொரு முறையும் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட மாதங்களில் மேடு எழுகிறதா என்பதுதான் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது. எழுகிறது என்றால் பதிவு அந்த மாதத்துக்குச் சில வாரங்கள் முன்பே வெளியாக வேண்டும்.

கூகுள் கீவேர்ட் பிளானருக்கு கூகுள் ஆட்ஸ் கணக்கு தேவை. விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு அது துல்லியமான எண் தராது. 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமான வரம்புகளே கிடைக்கும். அதில் "போட்டி" என்று ஒரு நிரல் இருக்கிறது. புதியவர்கள் தவறாமல் ஏமாறுவது இதில்தான். அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுக்க எத்தனை பேர் மோதுகிறார்கள் என்பதையே அது காட்டுகிறது. தேடல் முடிவில் மேலே வருவது எவ்வளவு கடினம் என்பதை அல்ல. "தக்காளி சாகுபடி" என்பதற்கு அங்கே குறைந்த போட்டி என்று காட்டினால், விளம்பரதாரர்களுக்கு அதில் அக்கறை இல்லை என்பது மட்டும்தான் செய்தி.

ஒன்றை ஒன்று நெருங்கி நிற்கும் இரண்டு சொற்றொடர்களில் எதை முன்னால் வைப்பது என்று முடிவு செய்யவே இந்த எண்கள் பயன்படும். முடிவுப் பக்கத்தைப் படித்துத் தள்ளிய சொல்லை, எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகத் திரும்ப எடுக்காதீர்கள். மாதம் சில நூறு பேர் தேடி, அவர்களில் பலருக்கு உங்கள் பதிவு கண்ணில் படுவது, பல்லாயிரம் பேர் தேடும் சொல்லில் எட்டாம் பக்கத்தில் கிடப்பதைவிட மேல்.

ஆக, நம் பதிவின் முதன்மை கீவேர்ட் "மாடித் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எப்படி". ஒன்றே ஒன்றுதான்.

துணைச் சொற்றொடர்கள்: எது உள்ளே, எது வெளியே

மீதமிருக்கும் சொற்றொடர்களை அப்படியே பதிவில் தூவக் கூடாது. ஒவ்வொன்றையும் எடுத்து, அது முதன்மைக் கேள்விக்குள் அடங்கும் ஒரு சின்னக் கேள்வியா, அதே கேள்வியின் வேறு வடிவமா, அல்லது வேறொரு பதிவா என்று பிரியுங்கள். ஷீட் இப்படி நிற்கும்:

```
சொற்றொடர்                         | வகை          | இடம்
தக்காளி செடி வளர்ப்பது எப்படி       | அதே கேள்வி    | முதல் பத்தி
தக்காளி வளர்க்க பை அளவு            | உட்கேள்வி     | துணைத்தலைப்பு
தக்காளி செடிக்கு மண் கலவை          | உட்கேள்வி     | துணைத்தலைப்பு
தக்காளி செடி எத்தனை நாளில் காய்க்கும் | உட்கேள்வி     | துணைத்தலைப்பு
தக்காளி செடி பூ கொட்டுது           | வேறு பதிவு    | சிறு குறிப்பு
தக்காளி சாகுபடி                    | வேறு வாசகர்   | நீக்கு
```

உட்கேள்விகளுக்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்தச் சொற்றொடரின் கீழே, உங்களுக்குத் தெரிந்த உண்மையான விவரத்தோடு குறைந்தது நான்கைந்து வாக்கியங்கள் எழுத முடியுமா? மண் கலவை என்றால் தேங்காய் நார்க்கழிவு, செம்மண், தொழுவுரம் என்ன விகிதம், நார்க்கழிவு அதிகமானால் என்ன ஆகும் என்று எழுதலாம், அது நிற்கிறது. "தக்காளி செடி வகைகள்" என்பதற்கு இரண்டு பெயரைத் தவிர எதுவும் தெரியாது என்றால் அதை விட்டுவிடுங்கள். வெறும் சொல்லுக்காக வைத்த துணைத்தலைப்பின் கீழே பொதுவான வரிகள் நிரம்பும். வாசகர் அங்கேதான் பதிவை விட்டுப் போவார். ஐந்து முதல் எட்டு துணைச் சொற்றொடர்கள் ஒரு பதிவுக்குப் போதும்.

பூ கொட்டுவதை முழுவதும் ஒதுக்கிவிடவும் முடியாது. விதையிலிருந்து காய் வரை சொல்லும் பதிவில் அது வந்தே தீரும். இரண்டு வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு, தனிப் பதிவு எழுதியபின் அங்கிருந்து இணைப்புக் கொடுங்கள். இலை சுருள்வதற்கும் அப்படித்தான்: வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் வருவது என்று ஒரு வரி, இலையின் அடியில் ஈக்கள் இருக்கின்றனவா பாருங்கள் என்று இன்னொரு வரி. இங்கேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் பின்னால் தனிப் பதிவு வரும்போது உங்கள் இரண்டு பதிவுகளே ஒரே தேடலுக்கு மோதிக்கொள்ளும்.

இந்த இடத்தில் சிலர் "எல்.எஸ்.ஐ. கீவேர்ட்" என்ற பெயரில், முதன்மைச் சொல்லோடு பொருள் தொடர்புள்ள சொற்களின் பட்டியல் ஒன்றைத் தருவார்கள், அதில் உள்ள சொற்களை இத்தனை முறை சேர்த்தால் மேலே வரலாம் என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று கூகுளில் பணியாற்றும் ஜான் முல்லர் 2019-லேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தின் தலைப்பகுதியில் கீவேர்ட் மெட்டா டேக் எழுதுவதும் வீண் வேலை. தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இல் அறிவித்துவிட்டது. தக்காளி வளர்ப்பை நன்றாக எழுதினால் பை, மண், நாற்று, குச்சி, வெயில் எல்லாம் தாமாகவே வரும்.

இப்போது தலைப்பு

முதன்மை கீவேர்ட் கையில் இருப்பதால் தலைப்புக்கு ஒன்றுதான் பாக்கி: இதைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று வாசகருக்குச் சொல்வது. மூன்று நான்கு எழுதிப் பாருங்கள்.

"மாடித் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எப்படி?" என்பதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் இதே தலைப்பில் ஏற்கெனவே பல பக்கங்கள் இருக்கும். "மாடித் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எப்படி, மண் கலவை, பை அளவு, பூ உதிர்தல், இலை சுருட்டல்" என்று துணைச் சொற்களையும் அடுக்கினால் அது தலைப்பாகவே இராது, பட்டியலாகிவிடும். கூகுளும் இப்படிப்பட்ட தலைப்புகளைத் தன் முடிவுப் பக்கத்தில் மாற்றி எழுதிக் காட்டுவதுண்டு. "மாடித் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எப்படி? விதை முதல் முதல் அறுவடை வரை" என்பது பொருளால் சரி; "முதல் முதல்" என்று இடறுவதால் "விதையிலிருந்து அறுவடை வரை" என்று மாற்றலாம். நம் ஒற்றை வாக்கியத்தின் எல்லையும் இதில் வந்துவிடுகிறது. இதுவே நம் தலைப்பு.

முடிவுப் பக்கத்தில் தலைப்பு வெட்டுப்படுவது எழுத்து எண்ணிக்கையால் அல்ல, அகலத்தால். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் ஆங்கிலத்துக்குச் சொல்லும் அறுபது எழுத்துக் கணக்கு இங்கே உதவாது. முதன்மை கீவேர்ட் தலைப்பின் தொடக்கத்திலேயே இருக்கட்டும். பின்பகுதி வெட்டுப்பட்டாலும் கேள்வி தெரியும்.

பதிவின் முகவரியைத் தலைப்பு எழுதும்போதே கையால் அமைத்துவிடுங்கள். இணைய முகவரியில் த என்ற ஓர் எழுத்து `%E0%AE%A4` என்று ஒன்பது குறிகளாக மாறுகிறது. புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனியாக ஒன்பது ஒன்பது. "தக்காளி" மட்டும் 63 குறிகள், "மாடித்தோட்டம்" 117. வேர்ட்பிரஸ் முகவரிக்குத் தரும் இடம் 200 குறிகள்தான். ஆகவே "மாடித்தோட்டம் தக்காளி வளர்ப்பு" என்று மூன்று சொல்லைப் போட்டால் மூன்றாவது சொல் "வள" என்பதோடு அறுந்து நிற்கும். பிளாகரில் தமிழ்த் தலைப்பு முகவரிக்குள் வருவதே இல்லை. `blog-post.html` என்று ஏதோ ஒன்று விழும். இரண்டிலுமே ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிவிடலாம்:

```
maadi-thottam-thakkali-valarppu
```

வெளியிட்ட பிறகு பார்க்க வேண்டியது

சில வாரங்கள் கழித்து, உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று உங்களுக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தெந்தத் தேடல்களில் அது காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே பார்த்துத் தலைப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த மாற்றம் என்ன செய்தது என்று தெரியாமல் போகும். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் காட்டுவதில்லை; அதனால் பட்டியலைக் கூட்டினால் மொத்தத்தோடு பொருந்தாது. அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

"தக்காளி செடிக்கு மண் கலவை" என்ற தேடலில் பதிவு நிறையக் காட்டப்பட்டும் யாரும் சொடுக்கவில்லை என்றால், அந்தத் துணைத்தலைப்பு கவனம் பெறுகிறது, ஆனால் பக்கத்தின் தலைப்பு அவருக்குப் பதிலாகத் தெரியவில்லை என்று பொருள். மண் கலவைக்கு முடிவுப் பக்கத்தைத் தேடி, மேலே சொன்ன பத்துக்குப் பத்து ஒப்பீட்டைச் செய்யுங்கள். பக்கங்கள் வேறு வேறாக இருந்தால் அதுவே உங்கள் அடுத்த பதிவின் முதன்மை கீவேர்ட். பழைய பதிவில் அந்தப் பகுதியை நாலு வரியாகச் சுருக்கிவிட்டு அங்கிருந்து இணைப்புக் கொடுங்கள்.